தைராய்டு ஊசிச் சோதனையில் ‘பெதஸ்டா 3’: அடுத்து என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 43 வயது. கழுத்தின் வலப்பக்கம் 1.9 செ.மீ. அளவில் தைராய்டு கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. டி.ஆர். 4 என்று போட்டிருக்கிறார்கள். டி.எஸ்.எச். 6.8. ஊசி குத்தி எடுத்த எஃப்.என்.ஏ.சி. அறிக்கையில் ‘ஏட்டிப்பியா ஆஃப் அன்டிட்டர்மின்ட் சிக்னிஃபிகன்ஸ், பெதஸ்டா கேட்டகரி 3’ என்று வந்திருக்கிறது. ரத்தம் கலந்த ஸ்மியர், சில ஆன்கோசைட்டிக் செல்கள், லிம்போசைட்டுகள் என்றும் கீழே எழுதியிருக்கிறார்கள். ஒரு டாக்டர் தைராய்டை முழுவதும் எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் மறுபடியும் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறார். இது மூன்றாம் ஸ்டேஜ் புற்றுநோயா? யார் சொல்வதைக் கேட்பது? (வாசகி, ஈரோடு)

பதில்: மூன்றாம் ஸ்டேஜ் இல்லை. புற்றுநோய் என்றே இந்த அறிக்கை சொல்லவில்லை. உங்கள் விவரங்களை வைத்துப் பார்த்தால், மறுபடியும் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்ற மருத்துவரின் பக்கம்தான் நான் நிற்பேன். ஊசிக்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலையும் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

பெதஸ்டா என்பது அமெரிக்காவில் உள்ள ஓர் ஊரின் பெயர். தைராய்டு ஊசிச் சோதனை முடிவுகளை ஆளுக்கொரு விதமாக எழுதியதால் அறுவை மருத்துவர்கள் குழம்பினார்கள். அதைத் தீர்க்க 2007-ல் அங்கே கூடிய நிபுணர்கள் ஆறு வகைகளை வகுத்தார்கள். இப்போது நாங்கள் பின்பற்றுவது அதன் 2023 பதிப்பு. 1 என்றால் செல்கள் போதவில்லை. 2 என்றால் தீங்கற்றது. 5 என்றால் புற்றுநோய் என்று பலமான சந்தேகம், 6 என்றால் புற்றுநோய். நடுவிலுள்ள 3, 4 இரண்டும்தான் மனிதர்களைத் தூங்கவிடாதவை. ஸ்டேஜ் என்பது புற்றுநோய் உறுதியான பிறகு அது எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கான கணக்கு. இந்த எண்ணோ, ஸ்லைடில் பார்த்த செல்களை வைத்து எவ்வளவு தூரம் உறுதியாகச் சொல்ல முடிகிறது என்பதற்கானது. இரண்டுக்கும் தொடர்பே இல்லை.

சைட்டாலஜி, அதாவது செல்களை ஆராயும் சோதனையின் ஸ்லைடுகளைப் பார்த்து அறிக்கை எழுதுவதுதான் என் அன்றாட வேலை. 3 என்று எப்போது எழுதுகிறோம் என்பதை உங்கள் ஸ்லைடை வைத்தே சொல்கிறேன். ஒரு ஸ்லைடு போதுமானது என்று ஏற்க, பத்துக்குக் குறையாத செல்கள் கொண்ட ஆறு கொத்துகளாவது தெளிவாகத் தெரிய வேண்டும். தைராய்டு ரத்த ஓட்டம் மிகுந்த சுரப்பி. ஊசியோடு ரத்தமும் ஏறிவிட்டால், சிவப்பணுக்களின் கடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொத்துகள் மிதக்கும். அதிலும் சில, உறைந்த ரத்தத்துக்குள் சிக்கி மங்கலாகிவிடும். இப்படியான ஸ்லைடில், சற்றுப் பெரிய உட்கருவோடு, இளஞ்சிவப்பில் துகள்துகளான உடலோடு நாலைந்து செல்கள் கண்ணில் படுகின்றன என்று வையுங்கள். அவைதான் உங்கள் அறிக்கையில் உள்ள ஆன்கோசைட்டிக் செல்கள். தீங்கற்றது என்று கையெழுத்திட மனம் வராது. சந்தேகத்துக்குரியது என்று எழுதவும் ஆதாரம் போதாது. அங்கேதான் 3 பிறக்கிறது.

இந்தச் செல்களுக்குச் சாதாரணமான ஒரு விளக்கமும் உண்டு. உடலின் எதிர்ப்பாற்றல் தன் தைராய்டையே தாக்கும் ஹாஷிமோட்டோ என்ற நிலையில், லிம்போசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள் சுரப்பிக்குள் புகுந்திருக்கும். நெடுநாள் தாக்கப்பட்ட தைராய்டு செல்கள் வீங்கி, ஆன்கோசைட்டிக் செல்களாக மாறும். அவற்றின் உட்கருவும் பெரிதாகிப் பார்ப்பவரைப் பயமுறுத்தும். உங்களுக்கு லிம்போசைட்டுகளும் இருக்கின்றன, தைராய்டு மந்தமாகச் சுரப்பதைக் காட்டும்படி டி.எஸ்.எச். 6.8 என்று உயர்ந்தும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஹாஷிமோட்டோவைச் சுட்டுகின்றன. ஆனால் உங்கள் ஸ்லைடைப் பார்த்தவருக்கு அந்த 6.8 தெரிந்திருக்குமா? எங்களிடம் வரும் படிவங்களில் பெரும்பாலானவற்றில் ‘தைராய்டு கட்டி’ என்பதற்கு மேல் ஒரு சொல் இருக்காது. என்னை மிகவும் வருத்தும் விஷயம் இது. ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் வேறு முடிவு வந்திருக்கக்கூடிய அறிக்கைகள் பல.

ஆகவே முதல் வேலை இது. ஆன்டி டி.பி.ஓ. என்ற ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். ஹாஷிமோட்டோ இருந்தால் அது பெரும்பாலும் உயர்ந்திருக்கும். பிறகு ஆய்வகத்தில் உங்கள் ஸ்லைடுகளைக் கேட்டு வாங்கி, ஸ்கேன் அறிக்கை, ரத்த அறிக்கைகள் எல்லாவற்றோடும் தைராய்டு ஸ்லைடுகளை அதிகம் பார்க்கும் ஒரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் மறுபார்வைக்குக் கொடுங்கள். கேட்கச் சங்கடப்பட வேண்டாம், இது வழக்கமான நடைமுறைதான். சில சமயம் அந்த மறுபார்வையிலேயே 3 என்பது 2 ஆகிவிடும். ஹாஷிமோட்டோ இருந்தால் புற்றுநோய் இருக்காது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். இரண்டும் ஒரே சுரப்பியில் இருப்பதுண்டு.

3 என்று வந்தவர்களில் புற்றுநோய் எத்தனை பேருக்கு? 2023 பதிப்பு தரும் சராசரி நூற்றுக்கு 22. ஆய்வுகளைப் பொறுத்து 13 முதல் 30 வரை மாறுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க, 2-ஆம் வகைக்கு இது 4, 6-ஆம் வகைக்கு 97. இந்தக் கணக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை வைத்துப் போட்டது என்பதை மறக்கக் கூடாது. 3 வந்தவர்களில் ஸ்கேன் பயமுறுத்தியவர்கள்தான் அதிகமாக அறுவை மேசைக்குப் போகிறார்கள். மறு ஊசியில் தெளிவானவர்கள் கணக்குக்குள் வருவதில்லை. அதனால் எல்லாரையும் சேர்த்தால் உண்மையான விகிதம் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

எண்ணைவிட அதற்குக் கீழே உள்ள வரி முக்கியம். புதிய பதிப்பு 3-ஆம் வகையையே இரண்டாகப் பிரிக்கிறது. உட்கருவில் மடிப்பு, வெளிறிய தோற்றம் போன்ற பாப்பில்லரி புற்றுநோயின் சாயல் இருந்தால் அது ‘நியூக்ளியர் ஏட்டிப்பியா’. ஆன்கோசைட்டிக் செல்கள், கொத்துகளின் அமைப்பு மாற்றம் போன்றவை ‘மற்றவை’. முதல் பிரிவில் ஆபத்து இரண்டாவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது பிரிவு. அறிக்கையில் பிரிவு குறிப்பிடப்படவில்லை என்றால் மறுபார்வை செய்பவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இனி ஸ்கேன். டி.ஆர். 4 என்பது, ஸ்கேனில் கட்டியின் தோற்றம் எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று மதிப்பெண் போட்டு வருவது. கட்டி திடமாக இருந்தால் 2, சுற்றியுள்ள சுரப்பியைவிடக் கறுப்பாகத் தெரிந்தால் 2, மொத்தம் 4. நான்கிலிருந்து ஆறு வரை டி.ஆர். 4. இந்த வகையில் 1.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் ஊசி போட வேண்டும் என்பது விதி. உங்கள் கட்டி 1.9 செ.மீ. என்பதால் ஊசி போட்டது சரிதான். கட்டிக்குள் பொடிப் புள்ளிகளாகச் சுண்ணாம்புப் படிவு இருந்தாலோ, கட்டி அகலத்தைவிட உயரமாக நின்றாலோ ஒவ்வொன்றுக்கும் 3 கூடும். அப்போது மொத்தம் 7 ஆகி டி.ஆர். 5-க்குப் போய்விடும். ஸ்கேன் அறிக்கையில் இந்த இரண்டும் இல்லை என்று எழுதியிருக்கிறதா, கழுத்து நிணநீர்க் கணுக்களைப் பார்த்தார்களா என்று சரிபாருங்கள். கணுக்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், மறு ஊசிக்கு முன் அதைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மறு ஊசி முதல் ஊசியைப் போலவே அமைந்தால் பயனில்லை. கையால் தடவிப் பார்த்துக் குத்தாமல், ஸ்கேன் திரையில் ஊசி முனையைப் பார்த்தபடி கட்டியின் திடமான பகுதியில் எடுக்க வேண்டும். ரத்தம் கலப்பதைக் குறைக்க 25 அல்லது 27 கேஜ் மெல்லிய ஊசி, உறிஞ்சாமல் எடுக்கும் முறை, ஒவ்வொரு முறையும் சில விநாடிகளுக்கு மேல் ஊசியை உள்ளே வைத்திருக்காமை, இரண்டு மூன்று இடங்களிலிருந்து எடுத்தல் ஆகியவை உதவும். எடுத்த உடனே ஒரு சைட்டாலஜி மருத்துவர் அருகிலிருந்து செல்கள் போதுமா என்று பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. ஆஸ்பிரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். முதல் ஊசியின் காயம் ஆறும்போதும் செல்கள் விசித்திரமாகத் தெரியும் என்பதால் மூன்று மாதம் இடைவெளி விடுவது பழைய வழக்கம். இப்போது சிலர் அதற்கு முன்பே செய்கிறார்கள். உங்கள் நிலையில் அந்த மூன்று மாதம் கைநழுவும் காலமாக ஆகிவிடாது.

மறு ஊசியில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தெளிவான விடை கிடைத்துவிடுகிறது. 2 என்று வந்தால் ஓராண்டு கழித்து ஸ்கேன் போதும். 5, 6 என்றால் அறுவை சிகிச்சை. எந்த அளவுக்கு எடுப்பது என்பதை அப்போது பேசலாம். 4 என்றால் ஃபாலிக்குலர் வகைக் கட்டி என்று பொருள்; அப்போது மறுபடியும் ஊசி போட்டு ஆவது ஒன்றும் இல்லை. ஃபாலிக்குலர் கட்டி நல்லதா கெட்டதா என்பது, அது தன் உறையைத் துளைத்திருக்கிறதா, ரத்தக் குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்பதில் இருக்கிறது. ஊசி செல்களைத்தான் கொண்டுவரும், உறையைக் கொண்டுவராது. அதற்குக் கட்டியை முழுதாக எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

மறுபடியும் 3 என்றே வந்தால், கட்டி உள்ள பக்கத்தை மட்டும் எடுத்துச் சோதிப்பது ஒரு வழி. ஸ்கேன் அமைதியாக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு காத்திருப்பது இன்னொரு வழி. பி.ராஃப் மரபணுச் சோதனை செய்யலாமா என்று கேட்பார்கள். அது பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்பது ஏறக்குறைய உறுதி. நெகட்டிவ் என்றால் எந்த நிம்மதியும் தராது, ஏனெனில் அந்த மாற்றம் இல்லாத தைராய்டு புற்றுநோய்களும் பல.

முழுவதும் எடுத்துவிடலாம் என்ற மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, ‘இடப்பக்கத்தை ஏன் எடுக்க வேண்டும்?’ என்பதைத்தான். இரு பக்கமும் எடுத்தால் வாழ்நாள் முழுவதும் தைராக்சின் மாத்திரை உறுதி. கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் நான்கும் ஆபத்துக்குள் வரும், குரல் நரம்புகள் இரண்டும் வரும். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் இவற்றில் பாதி தொடப்படாமல் இருக்கும். உங்கள் டி.எஸ்.எச். ஏற்கெனவே உயர்ந்திருப்பதால் பாதி எடுத்தாலும் மாத்திரை தேவைப்படலாம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இடப்பக்கத்திலும் கட்டி இருக்கிறது, நெருங்கிய உறவினருக்குத் தைராய்டு புற்றுநோய் இருந்தது, சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தீர்கள் என்பன போன்ற காரணம் ஏதாவது இருந்தால் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. அவை எதுவும் இல்லையென்றால், 3 என்ற எண்ணை மட்டும் வைத்து முழுத் தைராய்டையும் எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

காத்திருக்கும் நாட்களில் குரல் கம்மி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, கட்டி கண்ணுக்குத் தெரியும்படி வேகமாக வளர்ந்தாலோ, கழுத்தின் பக்கவாட்டில் புதிதாக ஒரு கட்டி தட்டுப்பட்டாலோ மூன்று மாதக் கணக்கைப் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.