பின்பக்கம் முழுக்க மூடினால் எந்த விதியில் மாட்டுவோம்?

கேள்வி: கோலாலம்பூரில் இரண்டு மாடி தெரஸ் வீடு, 22க்கு 75 அடி லாட். பின்பக்கம் 10 அடி காலி. சமையலறையை நீட்டலாமா? எஃப்எஸ்ஐ, செட்பேக் எப்படிப் பார்ப்பது?

இந்தியாவில் எஃப்எஸ்ஐ என்பதை இங்கே பிளாட் ரேஷியோ என்பார்கள். எல்லா மாடிகளின் பரப்பையும் கூட்டி, நிலப் பரப்பால் வகுத்தால் வந்துவிடும். உங்கள் நிலம் 1650 சதுர அடி. முன்னால் 20, பின்னால் 10 அடி போனால் வீட்டின் நீளம் 45 அடி. ஒரு மாடி 990, இரண்டும் 1980. விகிதம் 1.2. கீழே மட்டும் 220 சதுர அடி கூட்டினால் 2200, அதாவது 1.33. தெரஸ் வீட்டுக்காரரைப் பெரும்பாலும் மாட்டிவிடுவது இந்தக் கணக்கு இல்லை.

செட்பேக், அதாவது எல்லைக்கும் கட்டடத்துக்கும் இடையே விட வேண்டிய காலி இடம், அதை வேலியிலிருந்தோ வடிகாலிலிருந்தோ அளக்காதீர்கள். நில உரிமைப் பத்திரமான கிராண்டில் உள்ள எல்லைக் கல்லிலிருந்துதான் அளவு. வேலிக்கு வெளியே நீங்கள் பூச்செடி வைத்திருக்கும் புல்தரை அநேகமாகச் சாலை ஒதுக்கீடு, உங்கள் நிலம் இல்லை. சுவரை எல்லையில் நிறுத்தினால் போதாது. அஸ்திவாரமும் கூரை ஓரமும் எல்லையைத் தாண்டக் கூடாது, கூரைத் தண்ணீர் அண்டை வீட்டில் விழக் கூடாது.

உண்மையான சிக்கல் காற்றும் வெளிச்சமும். இங்கே கட்டடங்களுக்கான துணைவிதித் தொகுப்பான யுபிபிஎல்லின் 39ஆம் விதிப்படி, குடியிருக்கும் அறையின் தரைப் பரப்பில் 10 சதவீதத்துக்குக் குறையாமல் ஜன்னல் வேண்டும். 5 சதவீதத்துக்குக் குறையாமல் காற்று தடையின்றி வரும் திறப்பு வேண்டும். கீழ்மாடிப் பின்னறை 110 சதுர அடி என்றால் ஜன்னல் 11, திறப்பு ஐந்தரை. நீங்கள் 10 அடியையும் மூடினால் அந்த ஜன்னல் வெளியே திறக்காது, புதுச் சமையலறைக்குள் திறக்கும். தாளிக்கிற புகையெல்லாம் படுக்கையில்.

40ஆம் விதியில் வழி இருக்கிறது. காற்றும் வெளிச்சமும் வர மேலே திறந்து விடும் இடம்தான் காற்றுவெளி. இரண்டு மாடி வரை அதன் பரப்பு 7 சதுர மீட்டர், அகலம் எந்தப் பக்கமும் இரண்டரை மீட்டர், இதற்குக் குறையக் கூடாது. பின்னறை ஜன்னலுக்கு நேராக எட்டே கால் அடி அகலம், 10 அடி ஆழம் வானம் பார்க்க விட்டுவிடுங்கள். 82 சதுர அடி, ஏறக்குறைய 7.6 சதுர மீட்டர், போதும். மீதி 13 அடி 9 அங்குலத்துக்கு 10 அடியில் சமையலறை தாராளமாக வரும்.

"எங்கள் தாமானில் எல்லாரும் முழுக்க மூடியிருக்கிறார்களே" என்று யாராவது வருவார்கள். மூடியிருப்பார்கள்தான், அனுமதியோடா என்று கேளுங்கள். "பர்மிட் எதற்கு அண்ணே, ரெண்டு வாரத்தில் முடிச்சிடலாம்" என்று சொல்லும் குத்தகைக்காரர், இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வரும்போது போனை எடுக்க மாட்டார். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 70ஆம் பிரிவு, எழுத்துமூல அனுமதி இல்லாமல் கட்டக் கூடாது என்கிறது. வீட்டு உரிமையாளர் நீங்கள்.

வரைபடக்காரரிடம் போகும் முன் பின்முற்றத்தில் கழிவுநீர் மேன்ஹோல் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன்மேல் தரை போடும் பேச்சே கிடையாது, திறந்த மூலையை அந்தப் பக்கம் மாற்ற முடியுமா என்று பாருங்கள்.