மிச்சமாகத் தெரியும் 12,000 வெள்ளி

"தாதிமை இல்லம் ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் மேலாளர் நிதி படித்தவர் அல்லர். நிதிப் பிரிவு அனுப்பும் அறிக்கையில் ஒதுக்கீடு, வேறுபாடு, அதற்கான காரணம் ஆகியவற்றை மட்டும் ஒரே பக்கத்தில் எடுத்துத் தரச் சொல்கிறார். எதை எடுப்பது, எதை விடுவது?"
— வாசகி, பிடோக்

அறிக்கையில் பெரும்பாலும் இரண்டு ஒதுக்கீடுகள் இருக்கும்: முழு ஆண்டுக்கு ஒன்று, இதுவரையிலான மாதங்களுக்கு ஒன்று. உங்கள் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதாகவும், கையில் இருப்பது செப்டம்பர் அறிக்கை என்றும் வைத்துக்கொள்வோம். பழுதுபார்ப்புக்கு ஆண்டு ஒதுக்கீடு 60,000 வெள்ளி, ஆறு மாதத்துக்கு 30,000, செலவு 18,000. இங்கே 30,000-ஐத்தான் எடுக்க வேண்டும். 60,000-ஐ எடுத்தால் 42,000 மிஞ்சியதாக ஒரு கதை பிறந்துவிடும்.

வேறுபாடு 12,000. அது அடைப்புக்குறிக்குள் இருந்தால் மிச்சமா, மிகைச் செலவா? ஒவ்வோர் அலுவலகத்திலும் ஒரு வழக்கம். ஒரு வரியை நீங்களே கழித்துப் பார்த்தால் அந்த அறிக்கையின் வழக்கம் தெரிந்துவிடும். உங்கள் தாளில் குறிகளை விட்டுவிட்டு, 'குறைவாகச் செலவு' என்று சொல்லாலேயே எழுதுங்கள்.

இனிக் காரணம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். குறிப்பில், "மின்தூக்கிப் பராமரிப்புக்கான 7,500 வெள்ளி பில் இன்னும் வரவில்லை" என்று இருக்கிறது. இதைப் பார்த்ததும் 12,000-க்கும் காரணம் கிடைத்துவிட்டது என்று அடுத்த வரிக்குப் போய்விடுவோம். ஆனால் குறிப்பு சுமப்பது 7,500-ஐ மட்டுமே. மீதி 4,500-க்கு அறிக்கை வாய் திறக்கவில்லை. ஆகவே குறிப்பை அதன் சொற்களிலேயே எழுதி, பக்கத்தில் 'விளக்கப்பட்டது 7,500, விளக்கப்படாதது 4,500' என்று பிரித்துக் காட்டுங்கள். குறிப்பில் தொகையே இல்லையென்றால் 'தொகை சொல்லப்படவில்லை' என்று எழுதினால் போதும்.

இன்னொன்று: அந்த 7,500 மிச்சம் இல்லை, தள்ளிப்போன செலவு. பில் வந்ததும் வேறுபாடு அந்த அளவுக்குச் சுருங்கும். எனக்குத் தெரிந்த ஒரு மேலாளர் இப்படிப்பட்ட 'மிச்சத்தில்' நாற்காலிகள் வாங்கினார். அடுத்த மாதமே பில் வந்து நின்றது. ஆகையால் 'பிறகு வரும்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள்.

மொத்தத் தொகையை மட்டும் கொடுத்து முடித்துவிடாதீர்கள். சம்பளத்தில் 9,000 குறைவு, மிகைநேரப் படியில் 9,600 கூடுதல் என்றால் கூட்டுத்தொகையில் வெறும் 600 தான் தெரியும். ஆள் பற்றாக்குறையால் இருப்பவர்கள் கூடுதல் நேரம் உழைத்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அறிக்கை அப்படிச் சொல்லாதவரை காரணப் பத்தியில் 'குறிப்பு இல்லை' என்றே இருக்கட்டும். உங்கள் ஊகத்தைத் தாளின் அடியில், நிதிப் பிரிவிடம் மேலாளர் கேட்க வேண்டிய கேள்வியாக எழுதி வையுங்கள்.