அம்மாவின் சீட்டும் மகளின் பற்று வரவும்

யாங்கூனிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகள் எல்.சி.சி.ஐ. கணக்குப் படிக்கிறாள். பற்று எது, வரவு எது என்று இன்னும் குழம்புகிறாள். படிப்பை மாற்றிவிடலாமா?" அதே கடிதத்தில், தான் ஏலச் சீட்டு நடத்துவதையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறார்.

அம்மா, படிப்பை மாற்றுவதற்கு முன் உங்கள் சீட்டு நோட்டை அவளிடம் கொடுங்கள். பத்துப் பேர், மாதம் ஆளுக்கு 1,00,000 கியாட், பத்து மாதம் என்று வைத்துக்கொள்வோம். இந்த மாதம் ஒருவர் 2,00,000 தள்ளி, 8,00,000-க்கு எடுக்கிறார். தள்ளியதில் உங்கள் கமிஷன் 50,000. மீதி 1,50,000 பத்துப் பேருக்கும் கசராகப் பிரியும். ஆகவே ஆளுக்கு 85,000 கட்டினால் போதும்.

உங்கள் நோட்டில் முதல் பதிவு: ரொக்கம் பற்று 8,50,000, சீட்டுக் கணக்கு வரவு 8,50,000. அடுத்தது: சீட்டுக் கணக்கு பற்று 8,50,000, ரொக்கம் வரவு 8,00,000, கமிஷன் வரவு 50,000. சீட்டுக் கணக்கு பூஜ்யமாகிவிடும். வசூல் முழுவதையும் வருமானம் என்று எழுதுவதுதான் மாணவர்கள் செய்யும் தவறு. கைக்கு வந்தாலும் அது ஊரார் பணம். உங்களுடையது கமிஷன் மட்டுமே.

இப்போது உறுப்பினர் பக்கம். நான்காம் மாதம் எடுப்பவரைப் பாருங்கள். ஒவ்வொரு தவணைக்கும் அவர் நோட்டில் சீட்டு பற்று 1,00,000. ரொக்கம் வரவு 85,000, கசர் வரவு 15,000. (கசர் மாதாமாதம் மாறும், இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன்.) நான்கு தவணையில் சீட்டு அவருக்கு 4,00,000 சொத்து. எடுத்த அன்று ரொக்கம் பற்று 8,00,000, தள்ளுபடி பற்று 2,00,000, சீட்டு வரவு 10,00,000. அதே சீட்டு அந்த நிமிடத்தில் 6,00,000 கடனாக மாறுகிறது: மீதி ஆறு தவணை. ஒரே கணக்கு பற்றிலிருந்து வரவுக்குத் தாண்டுவதை அவள் கண்ணால் பார்க்கட்டும். பாடப்புத்தகத்தில் இது அவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

ஒருவர் தவணை கட்டாவிட்டால்? வசூல் 7,65,000-தான். ஆனாலும் எடுத்தவருக்கு 8,00,000 கொடுத்தாக வேண்டும். 35,000 உங்கள் கையிலிருந்து போகும், 50,000 கமிஷனும் கைக்கு வராது. இரண்டும் சேர்ந்தால் சரியாகக் கட்டாதவர் பாக்கி 85,000. ரொக்க நோட்டு மட்டும் வைத்திருந்தால் "கமிஷன் எங்கே போயிற்று?" என்று தேடுவீர்கள். ஆள்வாரியாகப் பேரேடு இருந்தால் அவர் பெயரில் பற்றாக நிற்கும்.

கட்டாதவர் இன்னும் சீட்டு எடுக்காதவரென்றால் அவ்வளவு பயமில்லை. முன்பு கட்டிய தவணைகள் உங்களிடம் பிடியாக இருக்கின்றன. எடுத்துவிட்டு நிறுத்தியவர்தான் ஆபத்து. அவர் பெயருக்கு எதிரே எடுத்த மாதத்தைச் சிவப்பு மையில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.