கட்டிய அபராதம் ஏன் Pending?

கேள்வி: ஹெல்மெட் போடாததற்கு வந்த சலானை அன்றைக்கே யுபிஐயில் கட்டிவிட்டேன். பணம் போன எஸ்எம்எஸ் இருக்கிறது. மூன்று வாரமாகியும் Pending என்றே காட்டுகிறது. ஸ்டேஷனில் கேட்டால் "எங்களுக்குத் தெரியாது" என்று விரட்டுகிறார்கள். மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்கலாமா?

பதில்: இழப்பீட்டை விடுங்கள். ஸ்டேஷனில் எப்படிப் பேசினார்கள் என்பதும் இங்கே எடுபடாது. அந்தப் பணம் இந்தச் சலான் எண்ணுக்கு வரவு ஆனதா? அது ஒன்றுதான் கேள்வி. உங்கள் எஸ்எம்எஸ் அதைச் சொல்வதில்லை. கணக்கிலிருந்து பணம் வெளியே போனது என்று மட்டும்தான் சொல்கிறது.

என்னிடம் வந்த ஒருவர் இதில்தான் மாட்டினார். பணம் போன ஸ்கிரீன்ஷாட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். சலான், ஆன்லைனிலேயே அபராதம் விதிக்கும் விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போன பிறகு அதை நீட்டினார். பேங்க் ஸ்டேட்மென்டை வாங்கிப் பார்த்தால், நான்காம் நாளே அதே தொகை திரும்பி வந்திருக்கிறது. சம்பளத்தோடு கலந்துபோனதால் அவர் கவனிக்கவில்லை. பணம் பிடிக்கப்பட்டும் பெறும் நிறுவனத்துக்கு உறுதியாகாத யுபிஐ பரிவர்த்தனையை, 5 நாளுக்குள் தானாகத் திருப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 உத்தரவு. ஆக, அவர் கட்டவே இல்லை.

அதனால் முதலில் கட்டிய தேதியிலிருந்து இன்றுவரை ஸ்டேட்மென்டை எடுத்துப் பாருங்கள். பணம் திரும்பியிருந்தால் வாதம் வேண்டாம், இன்றே கட்டிவிடுங்கள். திரும்பவில்லை என்றால், பணம் யார் பெயருக்குப் போனது என்று அதே வரியில் பாருங்கள். எஸ்எம்எஸ்ஸில் வந்த லிங்க்கைத் தட்டிக் கட்டியிருந்து, பெறுபவர் இடத்தில் தனிநபர் பெயர் இருந்தால், அது மோசடி. சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். சலான் அப்படியேதான் நிற்கும்.

பெயர் சரியாக இருந்தால் சலான் எண், வண்டி எண், தொகை, தேதி, பரிவர்த்தனை எண் எல்லாம் ஒரே தாளில் இருக்கும் ரசீதைத் தளத்திலிருந்து இறக்குங்கள். ரசீது வராவிட்டால், பரிவர்த்தனை எண்ணைக் குறிப்பிட்டு ஸ்டேட்மென்டையும் இணைத்து, சலான் தளத்தின் உதவி மையத்துக்கும் உங்கள் பேங்குக்கும் மெயில் அனுப்புங்கள். போனில் பேசியது பின்னால் எதற்கும் உதவாது. புகார் எண்ணை எழுதி வையுங்கள். பரிவர்த்தனை எண் இல்லாத ஸ்கிரீன்ஷாட்டை நான் கோப்பில் சேர்ப்பதே இல்லை.

இதெல்லாம் சலான் விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போவதற்கு முன்பே நடக்க வேண்டும். அங்கே அபராதத்தைக் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும். முன்பு கட்டியதைத் தானாகக் கழித்துக்கொள்ள மாட்டார்கள். எதிர்த்து வாதாடுவதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்குப் போகும். ஹெல்மெட் அபராதத்துக்காக வேலையை விட்டு வாய்தாவுக்கு அலையத் தயாரா?

வண்டியை விற்கப்போகிறீர்கள், பெயர் மாற்றம் அவசரம் என்றால் இரண்டாம் தடவை கட்டிவிட்டு, முதல் தொகையைத் திரும்பக் கேளுங்கள். வயிற்றெரிச்சல்தான், ஆனால் வழக்கைவிட மலிவு. அப்போது இரண்டு ரசீதுகளையும் வைத்திருங்கள். ஒன்று இல்லாவிட்டாலும் ஒரே கட்டணத்தைத்தான் இருமுறை காட்டுகிறீர்கள் என்பார்கள்.