"நான் நிறுத்தேல்லை, அதுதான் நின்றது"

கேள்வி: கொழும்பில் புதுக் கார் ஒன்று எடுக்கப்போகிறேன். தானே பிரேக் பிடிக்கும், தானே லேனில் போகும் என்கிறார்கள். அதால் ஒரு விபத்து நடந்தால் யார் பொறுப்பு? நானா, விற்றவரா, மென்பொருள் எழுதின கம்பனியா?

நீங்கள்தான். இல்லாவிட்டால் உங்களுக்குப் பின்னால் வந்த ஆட்டோக்காரர். கம்பனி வரைக்கும் போகாது.

நான் சட்டத்தரணி இல்லை. வாகனக் காப்புறுதி மதிப்பீட்டாளராக 22 வருடம் கொழும்பு முழுக்க நசுங்கின பம்பர்களைப் பார்த்தவன். சட்டம் படித்தவர்கள் கீழே வந்து திருத்துவார்கள், திருத்தட்டும். ஆனால் நீங்கள் கேட்டது என் கையெழுத்து இருக்கிற ஒரு அறிக்கையை ஞாபகப்படுத்திவிட்டது. அதற்கு முதல் உலகம் அறிந்த ஒரு விபத்தைச் சொல்லவேண்டும். அது தெரியாமல் என் கதை விளங்காது.

2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி என்ற ஊர். ஊபர் நிறுவனம் தானாக ஓடும் காரைப் பரீட்சித்துக்கொண்டிருந்தது. வண்டி வொல்வோ, ஓட்டும் மென்பொருள் ஊபருடையது. ஆசனத்தில் கண்காணிக்க ஒரு பெண். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவைக் கடந்த இன்னொரு பெண்ணை அந்தக் கார் இடித்துக் கொன்றது.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை அதைச் செக்கன் செக்கனாகப் பிரித்து அறிக்கை எழுதியது. மோதுவதற்கு 5.6 செக்கன் முந்தியே ரேடாருக்கு அந்தப் பெண் தெரிந்துவிட்டாள். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் அது தாராளமான நேரம். ஆனால் மென்பொருள் அவளை ஒரு தரம் வாகனம் என்றது, ஒரு தரம் வேறு ஏதோ பொருள் என்றது, பிறகு சைக்கிள் என்றது. பெயர் மாறும் ஒவ்வொரு தரமும் அதுவரை அவள் எந்தப் பக்கம் நகர்ந்து வந்தாள் என்ற பழைய கணக்கை அது கைவிட்டது. கடவை இல்லாத இடத்தில் மனிதர் நடந்து வரலாம் என்பதே அதில் எழுதப்படவில்லை. (வெள்ளவத்தைச் சந்தையடியில் இதைக் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.) 1.2 செக்கன் இருக்கும்போது மோதல் நிச்சயம் என்று தெரிந்தது. அப்போதும் பிரேக் பிடிக்கவில்லை. தேவையில்லாமல் பிரேக் பிடித்துத் தொல்லை தருகிறது என்பதால், ஒரு செக்கன் பொறுத்துப் பார்க்கும்படி வேண்டுமென்றே அமைத்திருந்தார்கள். மிச்சம் 0.2 செக்கனில் ஒரு 'பீப்' சத்தம் மட்டும் வந்தது.

இன்னும் ஒன்று. வொல்வோவில் பிறப்பிலேயே வந்த அவசர பிரேக், ஊபர் மென்பொருள் ஓடும்போது வேலை செய்யாதபடி அணைக்கப்பட்டிருந்தது. ஆசனத்தில் முதலில் இருவர் இருந்தார்கள், சில மாதங்களுக்கு முன்தான் ஒருவராகக் குறைத்தார்கள். அந்த ஒருவர் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியென்றால் பொறுப்பு யாருக்கு? எழுதினவரும் தெருவில் விட்டவரும் ஊபர். கார் செய்தவர் வொல்வோ. அனுமதி தந்தது அரிசோனா. ஊபர் குடும்பத்தோடு சில நாட்களிலேயே பணம் பேசி முடித்தது. நிறுவனத்தின்மீது குற்ற வழக்குப் போட அடிப்படை இல்லை என்று 2019இல் அரச வழக்கறிஞர் சொன்னார். மன்றில் நின்றது ஆசனத்தில் இருந்த பெண் மட்டும்தான். 2023இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு கிடைத்தது. அவரில் பிழை இல்லை என்று நான் சொல்லவில்லை. தொலைபேசி பார்த்தது பிழைதான். ஆனால் அந்த ஒரு செக்கன் தாமதத்தை அவர் எழுதவில்லையே.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2020இல் நிறுத்தின கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தானே திறந்தது. அதற்குச் சில மாதம் கழித்து காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு விபத்து. பின்னேரம் ஐந்தரை மணி, வெயில் நேரே முகத்தில். முன்னுக்குப் போன புத்தம்புதுக் கார் வெறும் தெருவில் சடாரென்று நின்றது. பின்னால் வந்த ஆட்டோ அடித்தது. காருக்கு பம்பர் வெடிப்பும் ஒரு லைட்டும். ஆட்டோவுக்கு முன் ஃபோர்க் வளைந்து, கண்ணாடி போய், ஓட்டினவரின் வலது மணிக்கட்டு எலும்பு வெடித்திருந்தது. ஆட்டோவுக்கு எக்சிலேட்டர் வலது கைப் பிடியில் என்பது உங்களுக்குத் தெரியும். ஆறு கிழமை அந்த மனிதருக்கு ஓட்டமில்லை, லீசிங் மட்டும் ஓடியது.

கார் ஓட்டினது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். "ஏன் ரீச்சர் நிண்டனீங்கள்?" என்று கேட்டேன். "தம்பி, நான் நிறுத்தேல்லை, அதுதான் நின்றது. ஏதோ சிவப்பா எழுத்து வந்து போச்சு" என்றார். ஆட்டோக்காரர் கையைத் துவாயில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "ஐயா, முன்னால ஒண்டுமே இல்ல ஐயா" என்றார். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். பொலிஸ் வழக்கம்போல, பின்னால் வந்தவர் இடைவெளி விடவில்லை என்று எழுதியது. நானும் "முன் வாகனம் நின்றபோது பின் வாகனம் மோதியது" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அந்தச் சிவப்பு எழுத்து என் அறிக்கையில் இல்லை.

மனம் கேட்காமல் விற்பனை முகவரிடம் போனேன். காரில் கறுப்புப் பெட்டி மாதிரி ஒன்று இருக்குமே, அதை வாசித்துத் தாருங்கள் என்றேன். கருவியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "பதிவு ஒன்றும் இல்லை" என்றார்கள். முதலில் ஒளிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு வீட்டில் இருந்து கணக்குப் போட்டேன். இந்தப் பதிவுப் பெட்டிகள் சாதாரணமாக ஏர்பேக் வெடித்தால், அல்லது காரின் வேகம் 150 மில்லிசெக்கனுக்குள் மணிக்கு 8 கிலோமீட்டராவது மாறினால்தான் விழித்துக்கொள்ளும். ஆட்டோவும் ஆளும் சேர்ந்து ஏறக்குறைய 450 கிலோ, கார் 1700 கிலோ. ஆட்டோ 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நின்ற காரை அடித்தால் கார் முன்னுக்குத் தள்ளுப்படுவது மணிக்கு நாலு, மிஞ்சினால் ஐந்து கிலோமீட்டர். ஆட்டோவின் வேகமோ பதினாறு கிலோமீட்டர் அடிபட்டுப் போகும். கையை உடைத்த மோதல், காரின் பெட்டிக்கு மோதலே இல்லை.

பிரேக்கைப் பிடித்தது மென்பொருளா, ரீச்சரின் காலா என்ற பதிவு வேறு கணினியில், வேறு வடிவில் இருக்கும். அதை வாசிக்க, காரைச் செய்த கம்பனியின் தயவு வேண்டும். வெளிநாட்டுக்குக் கடிதம் போட்டதாகச் சொன்னார்கள். பதில் இன்றுவரை இல்லை. நிழலா, வெயிலா, ரேடாரில் பட்ட தகரமா, எது பிரேக்கைப் பிடிக்கவைத்தது என்று இனித் தெரியவும் போவதில்லை.

"ஆட்டோக்காரர் ஒட்டித்தான் வந்திருப்பார், நீ அவருக்கு வக்காலத்து வாங்குகிறாய்" என்று எழுதப்போகிறவர்களுக்கு: ஒட்டித்தான் வந்தார். கொழும்பில் இடைவெளி விட்டால் அதற்குள் மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கும். அவர் பங்கு அவருக்குத்தான். பங்கு பிரிக்க எங்களிடமும் 1968ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் உரோம டச்சுச் சட்டப்படி நட்டஈடு கேட்கிறவர் மற்றவரின் கவனயீனத்தை நிரூபிக்கவேண்டும். ரீச்சரிடம் கவனயீனம் இல்லை. கம்பனியின் கவனயீனம் கம்பனியின் கணினிக்குள் இருக்கிறது. அதைத் திறக்க ஆட்டோக்காரர் எங்கே போவார்? வழக்குப் போடவும் இரண்டு வருடம்தான்.

திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2025 ஓகஸ்ட் மாத மயாமி தீர்ப்பைப் பாருங்கள். டெஸ்லாவின் ஓட்டோபைலட் ஓடிக்கொண்டிருந்த காரில், கீழே விழுந்த தொலைபேசியைத் தேடிய ஓட்டுநர் ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டார். தன்னில் பிழை என்று அவரே ஒத்துக்கொண்டார். ஜூரி அவருக்கு 67 வீதம், டெஸ்லாவுக்கு 33 வீதம் என்று பிரித்தது. தண்டத்தோடு சேர்த்து டெஸ்லா தலையில் விழுந்தது சுமார் 24 கோடி 30 இலட்சம் டொலர். தன் கையில் இல்லை என்று கம்பனி சொன்ன விபத்துத் தரவை வாதிகளின் நிபுணர் காரின் கணினியிலிருந்தே மீட்டெடுத்திருந்தார். அந்த 33 வீதம் வந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

பிரித்தானியா இந்தச் சுமையை வேறு விதமாகத் தூக்கிவைத்திருக்கிறது. 2018ஆம் ஆண்டுச் சட்டத்தில் முழுதாகத் தானே ஓடும் கார் இடித்தால், காப்புறுதி முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு காரைச் செய்தவரோடு சண்டை பிடிக்கவேண்டும். 2024ஆம் ஆண்டுச் சட்டம், கார் தானே ஓடும்போது அது ஓடின விதத்துக்கு ஆசனத்தில் இருப்பவரில் வழக்கில்லை, அனுமதி வாங்கின நிறுவனம் பதில் சொல்லவேண்டும் என்கிறது. ஆனால் நீங்கள் வாங்கப்போகிற கார் இந்த வகை இல்லை. அது உதவிதான் செய்யும். 'எப்போதும் ஓட்டுநரே பொறுப்பு' என்று கையேட்டில் அச்சடித்திருப்பார்கள், எடுத்துப் பாருங்கள்.

இப்போது பெரும்பாலும் நேரில் போகவே விடுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். வாடிக்கையாளர் போனில் நாலு படம் எடுத்து அனுப்பினால் போதுமாம், எங்களுக்கு அரைவாசிக் கட்டணம். நாலு படத்தில் பம்பர் தெரியும், "அதுதான் நின்றது" என்று ஒருவர் சொன்னது தெரியுமா? போகட்டும், நீங்கள் கேட்டது இதை இல்லை.

கார் எடுத்தால் முன்னுக்கும் பின்னுக்கும் டாஷ்கேம் பூட்டுங்கள். ஏதும் நடந்தால் எஞ்சினை அணைக்க முதல் திரையைப் படம் எடுங்கள், அணைத்தால் அந்தச் செய்தி போய்விடலாம். பொலிஸ் வாக்குமூலத்திலும் மதிப்பீட்டாளரின் படிவத்திலும், நீங்கள் பிரேக் மிதித்தீர்களா இல்லையா என்பதை உங்கள் சொல்லிலேயே எழுதச் சொல்லுங்கள். அதே கிழமை முகவருக்கு, அந்த நாள் அந்த நேரத்துத் தரவை அழிக்காமல் வைக்கும்படி பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். பிரதியொன்றை மற்ற வாகனக்காரருக்கும் கொடுங்கள். அவருக்குத்தான் அது கூடுதலாகத் தேவைப்படும்.