விடியற்காலையில் தொடங்கி, இரண்டு நாளில் தானாக நிற்கும் வாந்தி

கேள்வி: என் 7 வயது மகனுக்கு மாதம் ஒருமுறை விடியற்காலையில் வாந்தி ஆரம்பித்து ஒன்றரை, இரண்டு நாள் விடாமல் எடுக்கிறான். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடி விளையாடுகிறான். டெஸ்ட் எல்லாம் நார்மல். இப்போது ஒரு டாக்டர் "சைக்ளிக் வாமிட்டிங் சிண்ட்ரோம்" என்கிறார். இது என்ன, வராமல் தடுக்க முடியுமா?

திருநெல்வேலிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டு நர்ஸாக இருக்கிறேன். என் அக்கா மகனுக்கும் இதே தொந்தரவு. அதனால் வார்டில் பார்த்ததும் வீட்டில் பார்த்ததும் கலந்தே வரும். மருந்தின் அளவை மட்டும் உங்கள் டாக்டர் சொல்கிறபடி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். உங்கள் பையனுக்கு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஆரம்பிக்கிறதா, ஒரே அளவு நேரம் நீடிக்கிறதா, அறிகுறிகளும் ஒரே வரிசையில் வருகின்றனவா என்று பாருங்கள். இந்த நோய்க்கு ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனிலும் தெரியாது. போன தடவை மாதிரியே இந்தத் தடவையும் வருவதுதான் அடையாளம். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் வரும் வாந்தி ஒருமுறை ராத்திரி வரும், இன்னொரு முறை மத்தியானம் வரும், கூடவே பேதியாகும், வீட்டில் இன்னொருவருக்கும் வரும். இது அப்படியில்லை. வட அமெரிக்கக் குழந்தைகள் குடல்நோய் மருத்துவர்கள் சங்கம் 2008-இல் வகுத்த வரையறைப்படி, மொத்தத்தில் 5 முறையாவது, அல்லது 6 மாதத்துக்குள் 3 முறையாவது வந்திருக்க வேண்டும். இரண்டு முறைகளுக்கு நடுவே குறைந்தது ஒரு வாரம் இருக்க வேண்டும். உச்சத்தில் ஒரு மணி நேரத்துக்கு 4 வாந்தியாவது இருக்க வேண்டும். இடைப்பட்ட நாட்களில் குழந்தை முழு நலமாக இருக்க வேண்டும். வேறு காரணம் எதுவும் இல்லை என்பதும் உறுதியாக வேண்டும்.

அக்கா மகனுக்கு முதல் ஓரிரு முறை வந்தபோது "ஃபுட் பாய்சன்" என்று டிரிப் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஆச்சி "கண் பட்டிருக்கு" என்று சுற்றிப் போட்டார்கள். இரண்டு நாளில் தானாக நின்றுவிட்டதால் அவரவர் செய்ததே பலித்தது என்று எல்லோரும் நம்பினார்கள். தானாகவே நிற்கும் நோயில் இது ஒரு தொல்லை. கடைசியாக யார் என்ன கொடுத்தார்களோ அதற்குப் பெயர் போய்விடும்.

இதில் நான்கு கட்டம் உண்டு. எதுவும் இல்லாத நாட்கள் ஒன்று. வாந்திக்கு முன்னால் வரும் முன்கட்டம் இரண்டாவது. வாந்திக் கட்டம் மூன்றாவது, தேறும் கட்டம் நான்காவது. சிகிச்சை நன்றாகப் பலிப்பது முன்கட்டத்தில்தான். ஆனால் அது சில பேருக்குச் சில நிமிடம், சில பேருக்குச் சில மணி நேரம்தான். தூக்கத்திலிருந்தே வாந்தியோடு எழும் குழந்தைக்கு அது தெரியாமலே போய்விடும். அக்கா மகன் விடியற்காலை நாலு மணி சுமாருக்கு எழுந்து உட்காருவான். முகம் வெளிறிப்போகும், உள்ளங்கை வியர்க்கும். என் வீட்டில் தங்கியிருந்தபோது ஒருமுறை, "சித்தி, வாயில எச்சி ஊறுது" என்றான். அதுதான் அவனுடைய முன்னறிவிப்பு. சில குழந்தைகளுக்கு அது தொப்புளைச் சுற்றி வலியாக இருக்கும், சில பேர் வெளிச்சத்தைப் பார்க்க மாட்டார்கள். உங்கள் பையனிடம், நலமாக இருக்கும் ஒரு நாளில், "வாந்தி வர்றதுக்கு முன்னாடி உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். அவன் சொல்லும் வார்த்தையையே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாந்திக் கட்டத்தில் குழந்தை நடந்துகொள்ளும் விதம் பெரியவர்களுக்குக் கோபத்தைக் கிளப்பும். சுருண்டு படுத்திருப்பான், கூப்பிட்டால் பதில் வராது. எச்சிலை விழுங்காமல் கிண்ணத்தில் துப்பிக்கொண்டே இருப்பான். அப்புறம் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு அத்தனையையும் வெளியே தள்ளுவான். "வேணும்னே பண்றான்" என்று வீட்டில் மட்டுமல்ல, வார்டிலும் சொல்வார்கள். வெறும் வயிற்றில் ஓங்கரிப்பதும் பித்தம் எரித்துக்கொண்டு வருவதும்தான் ரொம்ப வேதனை. தண்ணீர் குடித்தால் அது நீர்த்து, எடுப்பது சுலபமாகிறது. அதற்காகத்தான் குடிக்கிறார்கள். இதற்காகத் திட்டாதீர்கள்.

இப்போது, வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்வது பற்றி. எல்லாம் நார்மல் என்கிறீர்கள். அந்த டெஸ்ட்டுகளை எப்போது எடுத்தார்கள்? இந்த நோயில் அது முக்கியம். சிறுநீரகத்திலிருந்து குழாய் தொடங்கும் இடத்தில் விட்டுவிட்டு அடைப்பு ஏற்படும் குழந்தைக்கும் இதே மாதிரி வயிற்றுவலியும் வாந்தியும் வரும். நலமாக இருக்கும் நாளில் ஸ்கேன் எடுத்தால் சிறுநீரகம் சாதாரணமாகத் தெரியலாம், வாந்தி நடக்கும்போது எடுத்தால்தான் வீக்கம் பிடிபடும். குடல் பிறவியிலேயே சரியாகத் திரும்பாமல் இருந்து அவ்வப்போது முறுக்கிக்கொள்வதை, பேரியம் குடிக்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரேயில் பார்ப்பார்கள். பச்சையாக வாந்தி எடுத்திருந்தால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. காலையில் தலைவலியோடு வாந்தி, நடையில் தள்ளாட்டம், புதிதாக மாறுகண் என்று இருந்தால் மூளைக்கு எம்ஆர்ஐ எடுத்தாக வேண்டும்.

இன்னொன்று நம் ஊருக்கு ரொம்பவே பொருந்தும். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா என்று டாக்டர் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உடம்பு கொழுப்பையோ புரதத்தையோ சரியாகப் பயன்படுத்த முடியாத பிறவிக் குறைகள் சிலவற்றிலும் வாந்தி இப்படி விட்டுவிட்டு வரும், சொந்தத்தில் மணம் முடித்தவர்களின் குழந்தைகளுக்கு அவற்றில் பலவும் வர வாய்ப்பு அதிகம். பட்டினி கிடந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கறி நிறையச் சாப்பிட்டாலோ உடனே வாந்தி தொடங்குகிறது என்றால் சந்தேகம் கூடும். அதற்கான ரத்தத்தை, அதாவது சர்க்கரை, உப்புகள், அமோனியா, லாக்டேட் ஆகியவற்றுக்கு, வாந்தி நடக்கும்போதே குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். அந்த நேரத்துச் சிறுநீரும் வேண்டும். குளுக்கோஸ் உள்ளே போய்விட்டால் தடயம் மறைந்துவிடும். கேஷுவாலிட்டியில் டிரிப் போடும் அவசரத்தில் அடிக்கடி விட்டுப்போவது இதுதான். குழந்தை மயங்கிய நிலையில் இருந்தால் மட்டும் இதற்காகக் காத்திருக்கக் கூடாது; ஊசி ஏற்றும்போதே ரத்தத்தை எடுத்துக்கொண்டு குளுக்கோஸை ஓடவிட வேண்டும்.

வந்துவிட்டால் என்ன செய்வது? முன்கட்டத்திலேயே, வாந்தியை அடக்கும் ஒன்டான்செட்ரான் என்ற, நாக்கில் வைத்தால் கரையும் மாத்திரையைக் கொடுத்து, விளக்கை அணைத்துப் படுக்க வையுங்கள். தூக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 12 வயதுக்கு மேல், ஒற்றைத் தலைவலிக்கான சுமாட்ரிப்டான் மூக்கு ஸ்பிரேயையும் சில டாக்டர்கள் தருவார்கள். வாந்தி பிடித்துக்கொண்டால் வாய்வழி மருந்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அங்கே வெறும் சலைன் போதாது. சாப்பாடு இல்லாதபோது இந்தக் குழந்தைகளின் உடம்பு சீக்கிரமே கொழுப்பை எரிக்க ஆரம்பித்து கீட்டோன் சேரும், கீட்டோன் சேரச் சேரக் குமட்டலும் ஏறும். அதனால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கலந்த சலைன் ஏற்றுவார்கள். எடைக்கு ஏற்ற ஒன்டான்செட்ரான் ஊசி, தேவைப்பட்டால் தூங்க வைக்க லோராசெபாம். கூடவே மூலையில், சத்தமில்லாத, இருட்டான ஒரு கட்டில். கடைசியாகச் சொன்னது கிடைப்பதுதான் கஷ்டம், வாய்விட்டுக் கேளுங்கள். வாந்தியை நிறுத்தப் போடும் இன்னொரு ஊசியான மெட்டோகுளோபிரமைடு போட்டால் சில குழந்தைகளுக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திருகி, கண் மேலே செருகிக்கொள்ளும். வலிப்பு என்று வீட்டார் அலறிவிடுவார்கள். அதற்கு மாற்று ஊசி உண்டு. ஆனாலும் முன்பு அப்படி ஆகியிருந்தால் போனவுடனே சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம் டாக்டரிடம் ஒரே தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்: நோயின் பெயர், பையனின் எடை, முதலில் எடுக்க வேண்டிய ரத்தம், எந்த டிரிப், எந்த ஊசி, எவ்வளவு. ராத்திரி ட்யூட்டியில் இருப்பவர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்காமல் இருக்கலாம். தாள் இருந்தால் வாசலில் நின்று கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, வாந்தியில் ரத்தம், எழுப்பினால் எழ மாட்டேன் என்கிறான், வயிறு கல் மாதிரி இறுகியிருக்கிறது, வழக்கமான நேரத்தைத் தாண்டியும் நிற்கவில்லை: இதில் எது இருந்தாலும் "வழக்கமா வர்றதுதானே" என்று வீட்டில் இருக்கக் கூடாது.

எது தூண்டுகிறது என்று எல்லோரும் உணவில்தான் தேடுவார்கள். சாக்லேட், சீஸ், அஜினமோட்டோ போட்ட ஃபிரைடு ரைஸ் சில பேருக்கு ஆகாது, உண்மைதான். ஆனால் சளிக் காய்ச்சல், தூக்கம் கெடுவது, நேரம் தப்பிய சாப்பாடு, நீண்ட பஸ் பயணம், மனப் பரபரப்பு ஆகியவைதான் அதிகம் தூண்டுகின்றன. பரபரப்பு என்றால் பரீட்சைப் பயம் மட்டுமில்லை, சந்தோஷமும் சேர்த்தி. அக்கா மகனுக்கு ஊர்க் கோயில் கொடைக்கு மறுநாள் தவறாமல் வந்துகொண்டிருந்தது. ஆச்சி கோயில் சாப்பாட்டைக் குறை சொன்னார்கள். வாந்தி வந்த நாட்களை எழுதி வைத்த டைரியைப் புரட்டிப் பார்த்தால் குற்றாலம் போன மறுநாளும், பிறந்தநாளுக்கு மறுநாளும் வந்திருந்தது. சாப்பாடு வேறு வேறு. ராத்திரி கண்விழித்ததும், விளையாட்டு மும்முரத்தில் சாப்பிடாமல் இருந்ததும் மூன்றிலும் இருந்தது. கொடைக்குப் போவதை நிறுத்தவில்லை. பத்து மணிக்குத் தூங்க வைத்தோம், படுக்கும் முன் இட்லியோ பாலும் பிஸ்கட்டும் உள்ளே போனதா என்று பார்த்துக்கொண்டோம். வெளியூர்ப் பயணம் என்றால் முந்தின நாள் வரை அவனிடம் சொல்வதில்லை.

மாதம் ஒருமுறை வந்து பள்ளி கெடுகிறது என்றால் தினசரித் தடுப்பு மருந்து தேவைப்படலாம். 5 வயதுக்குக் கீழ் பொதுவாக சைப்ரோஹெப்டடின்; பசியும் தூக்கமும் கூடும். 5 வயதுக்கு மேல் அமிட்ரிப்டிலின். இது மனச்சோர்வுக்கான மருந்து என்று மருந்துக்கடைக்காரர் சொன்னதும் பாதிப் பேர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். ஒற்றைத் தலைவலியைத் தடுக்கவும் இதே மருந்தைத்தான் கொடுக்கிறார்கள், இந்த வாந்தியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 22 கிலோ பையன் என்றால் ராத்திரி சுமார் 5 மில்லிகிராமில், அதாவது 10 மில்லிகிராம் மாத்திரையில் பாதியில் தொடங்கி, வாரக்கணக்கில் மெதுவாக ஏற்றுவார்கள். ஆரம்பிக்கும் முன்பும் முழு அளவை எட்டிய பிறகும் ஈசிஜி வேண்டும். இந்த மருந்தும் ஒன்டான்செட்ரானும் இரண்டுமே இதயத் துடிப்பின் ஒரு இடைவெளியை நீட்டக்கூடியவை. காலையில் மந்தம், வாய் வறட்சி, மலச்சிக்கல் இருக்கும். இரண்டு வாரம் கொடுத்துவிட்டு "கேட்கவில்லை" என்று விடக் கூடாது. முழு அளவுக்கு வந்தபின் சில மாதம் டைரியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். வாந்தி அடியோடு நிற்காவிட்டாலும், மாதம் ஒருமுறை வந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆவதும், இரண்டு நாள் நீடித்தது அரை நாளாவதும் மருந்து வேலை செய்வதற்கான அடையாளமே.

வீட்டில் உங்களுக்கோ உங்கள் அம்மாவுக்கோ ஒற்றைத் தலைவலி உண்டா? டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள். நிறையக் குழந்தைகளுக்குப் பதின்ம வயதுக்குள் வாந்தி நின்றுவிடுகிறது, அதில் கணிசமான பேருக்குப் பிறகு ஒற்றைத் தலைவலி வருகிறது. அக்கா மகனுக்கு இப்போது பன்னிரண்டு முடியப்போகிறது. வாந்தி வந்து ரொம்ப நாளாகிறது, பரீட்சை சமயத்தில் மட்டும் நெற்றிப்பொட்டில் வலிக்கிறது என்கிறான்.