வெண்பூசணிச் சாறு குடித்தால் எடை குறையுமா? – கேள்வி பதில்

கேள்வி: பத்து நாள் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் வெண்பூசணிச் சாறு குடித்தேன். டீயும் நாலு பிஸ்கட்டும் விட்டேன், காலைச் சாப்பாடும் வேண்டியிருக்கவில்லை. 2.5 கிலோ குறைந்தது. இப்போது ஐந்து நாளாக முள் அசையவே இல்லை. இரண்டு டம்ளராக்கலாமா?

பதில்: வேண்டாம். சாறு உள்ளே வந்தபோது எது வெளியே போனது என்று பாருங்கள். சர்க்கரை போட்ட பால் டீயும் பிஸ்கட்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 200 கலோரி. காலைச் சாப்பாடு ஒரு 400 இருக்கும். சாறு கொடுப்பது 30 கூட வராது. ஆக ஒரு நாளைக்கு 570 கலோரி குறைவு, பத்து நாளில் 5,700. ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 வேண்டும் என்று தோராயமாகக் கணக்குப் போடுவார்கள். அப்படியானால் கரைந்த கொழுப்பு முக்கால் கிலோவுக்குள்தான்.

மீதி பெரும்பாலும் தண்ணீர். சாப்பாடு குறைந்தால் ஈரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து முதலில் செலவாகும். அது தன்னுடன் மூன்று மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அதுவும் கூடவே போய்விடும். குடலும் காலியாகிறது. அந்தச் சுலபமான இறக்கம் முடிந்ததால்தான் முள் நிற்கிறது. இந்த வேலையைச் செய்தது நீங்கள் விட்ட டீ, பிஸ்கட், சாப்பாடு. பெயர் மட்டும் பூசணிக்குப் போயிற்று.

கேள்வி: அப்படிச் சொல்லிவிட முடியாது சார். பூசணியில் நார்ச்சத்து உண்டு, அது கொழுப்பைப் பிடித்து வெளியேற்றும். நான் நன்றாக வடிகட்டித் தேன் ஊற்றிக் குடிக்கிறேன், வயிறு லேசாக இருக்கிறது.

பதில்: நார்ச்சத்து உண்டு என்பது சரி. 100 கிராம் சதையில் 3 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் வடிகட்டியில் தங்கும் அந்த வெள்ளைச் சக்கைதான் அதில் பெரும்பங்கு! அதைக் குப்பையில் போட்டுவிட்டு நாரின் பலனை எதிர்பார்த்தால் எப்படி? காயில் 96 சதவீதம் தண்ணீர், 100 கிராமுக்குச் சுமார் 13 கலோரி, கொஞ்சம் வைட்டமின் சி. டம்ளரில் வந்து சேர்வது இவ்வளவுதான். நீங்கள் ஊற்றும் ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரிக்கு மேல், அதாவது சாற்றைப் போல இரு மடங்கு. வயிறு லேசாக இருப்பதை நான் மறுக்கவில்லை. தண்ணீர் குடித்தாலும் அப்படித்தான் இருக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது, சர்க்கரைக்கு கிளிமிப்பிரைடு மாத்திரை. காலைச் சாப்பாட்டுக்குப் பதில் இதைக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

பதில்: பதிலாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்த மாத்திரை சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். சாற்றில் இருக்கும் மாவுச்சத்து அதற்கு ஈடு கொடுக்காது, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, சம்பந்தமில்லாமல் பேசுவது இவையெல்லாம் அறிகுறி. அப்போது முழு நினைவோடு இருந்தால் உடனே 3 தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதேதான். சாப்பாட்டோடு அரை டம்ளர் என்றால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு கொடுக்கலாம்.

கேள்வி: எடையைக் குறைக்கும் என்றால் ஒல்லியான என் மகளுக்குப் பூசணிக்காய் சமைத்தே கொடுக்கக்கூடாதோ?

பதில்: தாராளமாகக் கொடுங்கள். காய் யாரையும் இளைக்க வைக்காது. அதிலேயே வயிறு நிறைந்து மற்றதைச் சாப்பிடாமல் போகாதபடி பார்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி: அப்படியானால் யார்தான் குடிக்கலாம்? எனக்கு மூன்றாம் நாளே சளி பிடித்தது, குளிர்ச்சி என்கிறார்கள்.

பதில்: தினமும் இனிப்புப் பானம் குடித்துப் பழகியவர், அதன் இடத்தில் இதை வைத்தால் லாபம். 200 கிராம் சதையைத் தோலும் விதையும் நீக்கி அரைத்து, வடிகட்டாமல், சர்க்கரையும் தேனும் சேர்க்காமல், உடனே குடிக்கட்டும். அரைக்கும் முன் ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் தூக்கிப் போடுங்கள். இந்தக் குடும்பத்துக் காய்களின் கசப்புச் சாறு கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோகும். சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீருக்கோ பொட்டாசியத்துக்கோ அளவு வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

சளிக்குக் காரணம் சாறுதானா, அந்த வாரம் வீட்டில் வேறு யாருக்கும் சளி இருந்ததா என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி குடித்துப் பாருங்கள். திரும்ப வந்தால் விட்டுவிடுங்கள், இழப்பு ஒரு டம்ளர் தண்ணீர்தான்.